சொட்டுநீர்ப் படம் படித்த கதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், குழுவின் கணக்கு எழுதும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. மாதக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கிறதோடு சரி. "போன வருஷம் உங்க அப்பா காட்டுல நடந்ததை அப்படியே சொல்லு, போதும்" என்று தலைவி அக்கா சொன்னதால் வந்து நிற்கிறேன். கையில் இருக்கிற இந்தக் காகிதம்தான் அந்தக் கதை. நாலாக மடித்து மடித்து மடிப்பு கிழிந்துபோயிருக்கிறது. பின்னால் செலோடேப் ஒட்டியிருக்கிறேன்.

எங்க ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். எங்களுக்கு ரெண்டு ஏக்கர் காடு, ஒரு கிணறு, அதில் 5 எச்.பி. மோட்டார். சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியத்தில் சொட்டுநீர் போட்டுத் தருகிறார்கள் என்று அப்பாவும் எழுதிக் கொடுத்தார். சிட்டா, அடங்கல், புலப்படம், சிறு விவசாயி சான்று என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தோம். கம்பெனி ஆட்கள் வந்து அளந்தார்கள், பள்ளம் தோண்டினார்கள், குழாய் போட்டார்கள், மோட்டாரைப் போட்டுக் காட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். போகும்போது ஒரு ஃபைலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்பா அதை டிரங்குப் பெட்டியில் பத்திரத்தோடு வைத்துப் பூட்டினார். அந்த ஃபைலுக்குள்ளேதான் இந்தப் படம் இருந்தது. ரெண்டு வருஷம் யாரும் பார்க்கவில்லை.

முதல் வருஷம் தக்காளி. மழை கைகொடுத்தது, ஒன்றும் தெரியவில்லை. ரெண்டாம் வருஷம் மிளகாய் நட்டோம். மாசி கழிந்து வெயில் ஏறினதும் கிழக்கு ஓரம் வாட ஆரம்பித்தது. பகல் பதினோரு மணிக்கெல்லாம் செடி தலையைத் தொங்கப் போட்டுவிடும். கிணற்றுப் பக்கத்துச் செடியோ கருகருவென்று நின்றது. அப்பா நாலு மணி நேரம் மோட்டார் ஓட்டினார், அப்புறம் அஞ்சு மணி நேரம். மும்முனை மின்சாரம் இருக்கிற நேரம் முழுக்க ஓடியது. கிழக்கு ஓரத்தில் பூ உதிர்ந்ததுதான் மிச்சம்.

"கிணத்துல ஊத்து கம்மியாயிருச்சு. போர் போட்டாத்தான் பொழைப்போம்" என்றார் அப்பா. போருக்கும் புது மோட்டாருக்கும் ஒன்றரை லட்சம். எங்கே வாங்குவது? நம்ம குழுவில்தான். அம்மா பேரில் கடன் மனு எழுதினது யார் என்றால், நான்தான். கணக்கு எழுதுகிறவள் ஆச்சே. தீர்மானப் புத்தகத்தில் அம்மா பேரை எழுதும்போது கை ஓடவில்லை. மாதத் தவணை எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியும். போரில் தண்ணீர் வருமா என்று யாருக்கும் தெரியாது. எங்க காட்டுக்கு ரெண்டு காடு தள்ளிப் போட்ட போரில் வெறும் புகைதான் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மோட்டாரை நிறுத்தினதும் கிணற்றை எட்டிப் பார்த்தேன். எங்க கிணற்றில் கல் படி உண்டு. தண்ணீருக்கு அடியில், ஃபுட் வால்வுக்கு மேலே இன்னும் மூணு படி மூழ்கித்தான் இருந்தது. அஞ்சு மணி நேரம் ஓடின பிறகு! தண்ணி இல்லாத கிணறா இது? அப்பாவிடம் கேட்டேன். "இருக்குற தண்ணி அங்க போய்ச் சேரலையே தாயி" என்றார். சேரவில்லை என்றால், அது எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். வழி பூமிக்கு அடியில் இருக்கிறது. அப்போதுதான் ஃபைல் ஞாபகம் வந்தது. தலைவி அக்காவிடம் போய், "அம்மா மனுவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைங்க" என்று கேட்டுக்கொண்டேன்.

படத்தை விரித்தால் எல்லாம் இங்கிலீஷ். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், எழுத்து தெரியும், ஆனால் அது என்ன சொல்கிறது என்று புரியவில்லை. ஒரு பெரிய கட்டம். அதற்குள்ளே தடித்த கோடு ஒன்று, விட்டுவிட்டுப் போட்ட கோடு ரெண்டு, சீப்புப் பல் மாதிரி மெல்லிய கோடு நிறைய. தடித்த கோடு வரப்பு, மெல்லிய கோடு பாத்தி என்றுதான் முதலில் நினைத்தேன். காட்டுக்கு எடுத்துப்போய் வீட்டு வாசல் பக்கத்திலிருந்து பிடித்துப் பார்த்தேன். படத்தில் கிணறு இடது கைப்பக்கம் கீழ்மூலையில். நேரில் கிணறு எனக்கு வலது கைப்பக்கம் கிடக்கிறது. படமே தப்பு, வேற யாரோ காட்டுப் படத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன்.

அதைத் திருத்தினது அப்பா. அவருக்கு எழுத்து வாசிக்க வராது. ஆனால் புலப்படம் அத்துபடி. சித்தப்பாவோடு வரப்புத் தகராறு வந்து சர்வேயரைக் கூட்டி அளந்தபோது, எந்தக் கல் எங்கே, எந்தப் பக்கம் எத்தனை மீட்டர் என்று ஒவ்வொன்றையும் மனசில் ஏற்றிக்கொண்டவர். அவர் என் கையிலிருந்து படத்தை வாங்கி, மூலையில் இருந்த அம்புக்குறியைக் காட்டினார். "இது வடக்கு. புலப்படத்துலயும் இப்படித்தான் போட்டிருக்கும். நீ வடக்கே நின்னு தெக்கே பாக்குற. தாளைத் திருப்பு" என்றார். தலைகீழாகத் திருப்பினேன். கிணறு கிணற்றுப் பக்கம் வந்துவிட்டது. வீடு வீட்டுப் பக்கம் வந்துவிட்டது. அக்காமார்களே, இந்த ஒன்று செய்யாமல் வேற எதைப் பார்த்தும் பிரயோஜனம் இல்லை. கிணற்றையோ மோட்டார் ரூமையோ படத்தில் கண்டுபிடித்து, நேரில் அது இருக்கிற திக்குக்குத் தாளைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அதுவரைக்கும் அது வெறும் கோடு.

அடுத்தது அளவு. கீழே 1:1000 என்று போட்டிருந்தது. காகிதத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் ஆயிரம் சென்டிமீட்டர், அதாவது பத்து மீட்டர். தம்பியின் ஸ்கேலை வைத்து அளந்தேன். கிழக்கு மேற்காக 8 சென்டிமீட்டர், தெற்கு வடக்காக 10 சென்டிமீட்டர். அப்போ காடு 80 மீட்டருக்கு 100 மீட்டர். அப்பா கேட்டுவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார். எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது.

கோடுகளுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு தோட்டக்கலை மேடம். பக்கத்துக் காட்டுக்கு ஆய்வுக்கு வந்தவரை மோட்டார் ரூம் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்துக் கேட்டேன். அவர் குச்சியை எடுத்து மண்ணில் வரைந்தே சொன்னார். "தடித்த கோடு மெயின் லைன். அது தண்ணியைத் தூக்கிட்டுப் போறதுக்கு மட்டும்தான். வழியில எந்தச் செடிக்கும் ஒரு சொட்டுக் கொடுக்காது. விட்டுவிட்டுப் போட்ட கோடு சப் மெயின். இதுலதான் ஓட்டை போட்டு, வாஷர் வச்சு, டியூப் மாட்டியிருக்கும். மெல்லிய கோடு லேட்டரல், உங்க பதினாறு எம்.எம். கறுப்பு டியூப். செடிக்குச் சொட்டுறது டிரிப்பர். உங்க டியூப்ல அது உள்ளேயே வச்சு வந்திருக்கு, அதனால வெளியே ஓட்டை மட்டும்தான் தெரியும்."

நாங்கள் ஊரில் எல்லாவற்றையும் 'குழாய்' என்று ஒரே பேரில் சொல்லிக்கொண்டிருந்தோம். பேர் ஒன்றாக இருந்ததால் வேலையும் ஒன்று என்றே நினைத்துவிட்டோம்.

எங்க படத்தில் மெயின் லைன் கிணற்றிலிருந்து தெற்கு ஓரமாகவே 40 மீட்டர் கிழக்கே வந்து, அங்கிருந்து திரும்பி வடக்கே 50 மீட்டர் போய், காட்டின் நட்டநடுவில் நின்றுவிடுகிறது. அங்கே பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு குறி. ரெண்டு முக்கோணத்தை மூக்கோடு மூக்கு ஒட்டவைத்த மாதிரி இருக்கும். நான் அதைப் பட்டாம்பூச்சி என்பேன். அதுதான் வால்வு. ஒரு வால்விலிருந்து ஒரு சப் மெயின் வடக்கே 50 மீட்டர் போகிறது. இன்னொன்றிலிருந்து இன்னொரு சப் மெயின் திரும்பவும் தெற்கே 50 மீட்டர் வருகிறது. அதனால் தெற்குப் பாதியில் தடித்த கோடும் விட்டுவிட்ட கோடும் ஒட்டி ஒட்டி ஓடும். ஒரே குழாயைத் தெரியாமல் ரெண்டு தரம் வரைந்துவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். இல்லை. ஒரே பள்ளத்தில் ரெண்டு குழாய். ஒன்று போகிற தண்ணி, ஒன்று திரும்பி வந்து கொடுக்கிற தண்ணி.

எண்களிலும் தடுமாறினேன். சப் மெயின் பக்கத்தில் 63 என்றும், லேட்டரல் பக்கத்தில் 66 என்றும் இருந்தது. 63 லேட்டரலா, 66 லேட்டரலா? படத்தில் வரைந்திருந்ததை எண்ணினால் இருபதுகூட இல்லை. மேடம் சிரித்துவிட்டார். 63 என்பது குழாயின் தடிமன், மில்லிமீட்டரில். மெயின் லைன் 75. 66 என்பதுதான் ஒரு பக்கத்து வரிசை எண்ணிக்கை. வரைகிறவர்கள் எல்லாக் கோட்டையும் போட மாட்டார்கள், மாதிரிக்குக் கொஞ்சம் வரைந்து எண்ணிக்கையை ஓரத்தில் எழுதிவிடுவார்கள். அதற்குப் பக்கத்தில் 16 – 4 – 0.6 என்று ஒன்று. பதினாறு மில்லிமீட்டர் டியூப், ஒரு டிரிப்பர் ஒரு மணி நேரத்துக்கு 4 லிட்டர், ரெண்டு டிரிப்பருக்கு நடுவில் 60 சென்டிமீட்டர். இந்த மூணு எண்ணும் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

மீதிப் பாதி கணக்கு. அது எனக்குப் பிடித்த வேலை. உங்களுக்கும் சொல்கிறேன், சந்தாக் கணக்கை விடச் சுலபம். சப் மெயின் நடுவில் இருப்பதால் லேட்டரல் கிழக்கே 40 மீட்டர், மேற்கே 40 மீட்டர். நாற்பது மீட்டரில் 60 சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் 66 டிரிப்பர். ஒரு பக்கம் 66 வரிசை, ரெண்டு பக்கமும் சேர்த்து 132 வரிசை. 132 தடவை 66, மொத்தம் 8,712 டிரிப்பர். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் கேட்கும். கூட்டினால் மணிக்கு 34,848 லிட்டர். எங்க காடு முழுவதும் ஒரே நேரத்தில் சொட்ட வேண்டும் என்றால் இவ்வளவு தண்ணி ஒரு மணி நேரத்தில் வர வேண்டும்.

எங்க மோட்டார் எவ்வளவு தரும்? மேடம் சொன்னபடி கிணற்று மேட்டில் ஃபில்டருக்கு முன்னால் குழாயைத் திறந்து, 200 லிட்டர் டிரம்மை வைத்து, செல்போனில் நேரம் பார்த்தோம். 32 விநாடியில் நிரம்பியது. ஒரு மணிக்கு 3,600 விநாடி. கணக்குப் போட்டால் 22,500 லிட்டர். அதுவும் திறந்து விட்டால். ஃபில்டர், நீளமான குழாய் எல்லாம் தாண்டி அழுத்தத்தோடு தள்ள வேண்டும் என்றால் இதைவிடக் குறையும் என்று மேடம் சொன்னார்.

கேட்கிறது 34,848. தருகிறது 22,500-க்கும் கீழே.

படத்தின் வலது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று ரெண்டு வரி, ரெண்டுக்கும் நேரே 17,424. பாதிப் பாதி! அதாவது, ஒரு வால்வைத் திறந்தால் இன்னொன்று மூடியிருக்க வேண்டும். அதற்காகத்தான் நடுவில் ரெண்டு பட்டாம்பூச்சி. எங்க அப்பா ரெண்டு வருஷமாக ரெண்டு வால்வையும் திறந்தே வைத்திருந்தார். கம்பெனியிலிருந்து வந்த பையன்கள் அன்றைக்கு ரெண்டையும் திறந்து காட்டிவிட்டுப் போனதுதான் அவருக்குத் தெரியும். அதில் அவர் மேல் என்ன தப்பு? யாரும் மூடச் சொல்லவில்லை.

ஆனால் இதைச் சொன்னவுடன் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லா ஓட்டையிலயும் சொட்டுதே தாயி, நீ வேணா பாரு" என்றார். சொட்டுவது உண்மைதான். எவ்வளவு சொட்டுகிறது என்பதுதான் கேள்வி. நான் அக்கா மகனின் பால் பாட்டிலை எடுத்துக்கொண்டேன், அதில் மில்லி கோடு இருக்கும். 4 லிட்டர் டிரிப்பர் மூணு நிமிஷத்தில் 200 மில்லி கொடுக்க வேண்டும். டிரிப்பருக்கு அடியில் மண்ணைக் கொஞ்சம் தோண்டி, கிண்ணத்தை வைத்து, மூணு நிமிஷம் பிடித்து, பாட்டிலில் ஊற்றி அளந்தோம். ரெண்டு வால்வும் திறந்திருக்கும்போது, சப் மெயினை ஒட்டின செடிக்கு 150. வரிசைக் கடைசியில் 90. ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிற பிரஷர் மீட்டர் முள் அரை கிலோவில் நின்றது.

தெற்கு வால்வை மூடினோம். முள் ஒன்றேகால் கிலோவுக்கு ஏறியது. டியூப் எல்லாம் விறைத்து நிமிர்ந்தது, காலால் மிதித்தாலே தெரிந்தது. திரும்ப அளந்தால் பக்கத்தில் 200, கடைசியில் 190. அப்பா பாட்டிலை வாங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இன்னும் சீக்கிரம் இறங்கியிருப்பேன். முடியவில்லை. கிழக்கு ஓரத்தில் நடுவே ஒரு பதினாலு வரிசை மட்டும் இன்னும் தேறவில்லை. அங்கே அளந்தால் ஒரு வால்வு மட்டும் திறந்தும் 140-தான் வந்தது. ரெண்டும் திறந்திருந்தபோது 40 வந்த இடம் அது.

படத்தை எடுத்துக்கொண்டு அந்த வரிசையோடு நடந்தேன். லேட்டரல் 40 மீட்டர், அதற்கப்புறம் டியூப் கடைசியை மடித்து எட்டு மாதிரி வளையம் மாட்டியிருக்க வேண்டும். மற்ற வரிசைகளில் மாட்டியிருந்தது. இந்தப் பதினாலில் மட்டும் டியூப் நிற்காமல் வரப்பைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. தாண்டினால் சித்தப்பாவிடம் பிற்பாடு கிரையம் வாங்கின பதினைந்து சென்ட் மேட்டுத் துண்டு. அது வேற சர்வே நம்பர், படத்திலேயே கிடையாது. அப்பா மிச்சமிருந்த டியூபை ஜாயின்டர் போட்டுச் சேர்த்து, முப்பது மீட்டர் நீட்டி, அங்கேயும் மிளகாய் நட்டிருக்கிறார். நானும்தான் நாற்று நட்டேன், அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முப்பது மீட்டரில் 50 டிரிப்பர். பதினாலு வரிசைக்கு 700. மணிக்கு 2,800 லிட்டர் கூடுதல். வடக்குப் பகுதி 17,424-லிருந்து இருபதாயிரத்துக்கு மேலே போய்விட்டது. அது மட்டும் இல்லை. 16 எம்.எம். டியூபுக்குள் தண்ணி ஓட ஓட உராய்ந்து அழுத்தம் இறங்கும். நீளம் கூடினால் வெறுமனே அந்த நீளத்துக்குத் தக்கபடி மட்டும் இறங்காது. ஏனென்றால் கடைசி டிரிப்பருக்குப் போகிற தண்ணியும் முதல் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும், டியூப் முழுக்கவே கூட்டம் கூடிவிடும். அதுக்கு மேலே அது மேட்டு நிலம். படத்தில் ஒரு சின்ன அம்பு கிழக்கிலிருந்து மேற்காகச் சரிவு காட்டியிருந்தது. நான் அதையும் வடக்கு அம்பு மாதிரி வேற ஏதோ என்று விட்டிருந்தேன். மேட்டுக்குப் பத்து மீட்டர் உயரம் ஏற்றினால் ஒரு கிலோ அழுத்தம் போய்விடும். எங்க துண்டு ஒரு ஆள் உயரம்கூட இருக்காது, ஆனால் ஏற்கெனவே சோர்ந்து போன கடைசி டியூபுக்கு அதுவும் பாரம்.

அப்பாவிடம் சொல்வதற்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அந்தத் துண்டு அவர் ஆசையாக வாங்கினது. சித்தப்பா பிள்ளைகளுக்கு முன்னால் அது கருகினால் அவருக்குத் தலைகுனிவு. அதனால் வெட்டிப்போடச் சொல்லவில்லை. மேடத்திடம் போனில் கேட்டதற்கு வழி சொன்னார். மெயின் லைன் நடுவில் நிற்கிறது இல்லையா, அங்கிருந்து 50 எம்.எம். குழாயைத் தனியாகக் கிழக்கே இழுத்து, அந்தத் துண்டுக்கு என்று மூணாவது வால்வு வைத்து, வரப்போரம் குட்டி சப் மெயின் போடுவது. பழைய பதினாலு டியூபையும் வரப்பில் வெட்டி, இந்தப் பக்கம் எட்டு வளையம் மாட்டி, அந்தப் பக்கத்து நுனியைப் புதுக் குழாயில் சேர்ப்பது. பதினொரு லென்த் குழாய், வால்வு, வாஷர், கூலி எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துக்குள் அடங்கியது.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். இப்படிச் சின்னப் பகுதியை மட்டும் தனியாகத் திறந்தால், மோட்டார் தள்ளுவது இருபதாயிரம், செடி கேட்பது 2,800. மிச்ச அழுத்தம் எங்கே போகும்? டியூப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், வாஷர் தெறிக்கும். அதற்குத்தான் ஃபில்டருக்கு முன்னாலேயே பைபாஸ் வால்வு ஒன்று வைத்திருக்கிறார்கள், மிச்சத் தண்ணி திரும்பக் கிணற்றிலேயே விழும். அதையும் நாங்கள் எதற்கென்றே தெரியாமல் துருப்பிடிக்க விட்டிருந்தோம். மேட்டுத் துண்டு முறை வரும்போது பைபாஸை மெல்லத் திறந்து, மீட்டர் முள்ளை ஒரு கிலோவில் நிறுத்துகிறோம்.

படத்தில் பார்த்து நேரில் காணாமல் போன இன்னொன்றும் உண்டு. சப் மெயின் ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு சின்ன வால்வுக் குறி இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் வெறும் மண். ஸ்கேலில் அளந்து, டேப்பில் நடந்து, மண்வெட்டியால் கொத்தினால் ஒரு முழ ஆழத்தில் மூடியோடு இருந்தது. டிராக்டர் ஓட்டினதில் மூடிப்போயிருக்கிறது. அது கழுவி விடுகிற வால்வு. திறந்தவுடன் டீத்தூள் கலங்கல் மாதிரி கறுப்புத் தண்ணி பீய்ச்சி அடித்தது, பாசி நாற்றம் வேற. திறந்த கிணற்றுத் தண்ணியில் பாசி இருக்கும், ஃபில்டர் தாண்டியும் கொஞ்சம் வரும், கடைசியில் போய் அடையும். தெளிந்த தண்ணி வர ஒரு நிமிஷத்துக்கு மேலே ஆனது. இப்போது வாரம் ஒரு தரம் அதைத் திறக்கிறோம். டியூப் கடைசி எட்டு வளையத்தையும் முறை வைத்துக் கழற்றி விடுகிறோம். ஃபில்டருக்கு முன் மீட்டரும் பின் மீட்டரும் காட்டுவதில் அரை கிலோ வித்தியாசம் வந்தால் ஃபில்டரைக் கழுவுகிறோம்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது என்று நிறைய அக்காமார் கேட்டீர்கள். எங்க காட்டில் வரிசைக்கு வரிசை ஒன்றரை மீட்டர், டிரிப்பருக்கு டிரிப்பர் 0.6 மீட்டர். ஒரு டிரிப்பர் பார்த்துக்கொள்கிற நிலம் 0.9 சதுர மீட்டர். அதில் ஒரு மணி நேரத்தில் 4 லிட்டர் விழுந்தால் கிட்டத்தட்ட நாலரை மில்லிமீட்டர் மழை பெய்த கணக்கு. நல்ல வெயில் நாளில் காய்க்கிற மிளகாய்க்கு அந்த அளவுதான் வேண்டும், கொஞ்சம் கூடக் குறைய. அதனால் பகுதிக்கு ஒரு மணி நேரம், வெயில் உச்சத்தில் ஒன்றேகால் மணி. அஞ்சு மணி நேரம் ஓட்டின காட்டுக்கு இப்போது மூணு முறையும் சேர்த்து மூணு, மூணேமுக்கால் மணி போதுகிறது. இது எங்க மண்ணுக்கும் எங்க இடைவெளிக்கும் உள்ள கணக்கு. உங்களுடையது வாழையோ தென்னையோ என்றால் டிரிப்பரும் வேற, இடைவெளியும் வேற, உங்க படத்தில் இருக்கிற எண்ணை வைத்துத்தான் போட வேண்டும்.

கருகின பதினாலு வரிசையில் பாதிச் செடி போனது போனதுதான். அதைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. மீதி புதுக் கொழுந்து விட்டு, சித்திரைக் கடைசியில் பூத்தது. ஒன்றரை லட்சம் மனுவை அம்மா திரும்ப வாங்கிக்கொண்டார். எட்டாயிரம் மட்டும் குழுவில் வாங்கினோம். ஆறு மாதத் தவணை, ஆறாவது மாதம் முடித்து, அந்தப் பக்கத்தில் நானே 'பாக்கி இல்லை' என்று எழுதினேன்.

அந்த மூணாவது வால்வையும் குட்டிச் சப் மெயினையும் சிவப்புப் பேனாவால் படத்தில் நானே வரைந்திருக்கிறேன், இதோ கிழக்கு ஓரத்தில் தெரிகிறதா, கட்டத்துக்கு வெளியே. அப்பா பார்த்துவிட்டு, "வரப்புக்கல்லை விட்டுட்டியே" என்றார். அதையும் போட்டேன். இதை நகல் எடுத்து, லேமினேட் பண்ணி மோட்டார் ரூமில் மாட்டியிருக்கிறோம். பக்கத்துச் சுவரில் அவர் கரிக்கட்டையால் மூணு பட்டாம்பூச்சி வரைந்து வைத்திருக்கிறார். எந்த வால்வு முடிந்ததோ அதன் மேல் ஒரு கோடு கிழிப்பார். மறுநாள் காலையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து.

சாப்பாட்டுக்கு அப்புறம் சேமிப்பு மேசைப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். ஸ்கேலும் கொண்டு வந்திருக்கிறேன். ஃபைலை எடுத்து வந்த அக்காமார் வாங்க, சேர்ந்து பார்ப்போம்.